சவரிராஜின் பதினேழாவது முன்மொழிவு

இருபத்தேழு வருடங்களில் சவரிராஜ் பதினேழு துணை பட்ஜெட் முன்மொழிவுகள் எழுதினார். பதினேழுமே நிறைவேறின. கடைசி ஒன்றுக்கு மட்டும் அவர் தன் கையிலிருந்தும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது.

தஞ்சாவூரிலிருந்து வலங்கைமான் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் அவர் கணக்குப் பிரிவின் கண்காணிப்பாளர். ஒவ்வொரு மார்ச்சிலும் கல்லூரியின் ஆட்சிக்குழு கூடி, வரும் வருடம் எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒப்புதல் தரும். நடுவில் ஒரு தலைப்பில் பணம் போதாமல் போனால், செலவு செய்வதற்கு முன்னால் மறுபடி அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். ஏற்கெனவே ஒப்புக்கொண்டது எவ்வளவு, செலவானது எவ்வளவு, இன்னும் எவ்வளவு வேண்டும், ஏன் முதலிலேயே கேட்கவில்லை, பணம் எங்கிருந்து வரும் என்று எழுதிக் கேட்க வேண்டும். அந்தத் தாளை எழுதுவது சவரிராஜின் வேலை.

பொதுவாக எல்லோரும் இரட்டிப்பாகத்தான் கேட்பார்கள். நிதிக்குழு பாதியை வெட்டும் என்பது கேட்பவருக்கும் தெரியும், வெட்டுபவருக்கும் தெரியும். சவரிராஜ் தேவையானதை மட்டும் எழுதுவார். முதல் இரண்டு முறை அதிலும் பாதியை வெட்டினார்கள், வேலையும் பாதியில் நின்றது. மூன்றாவது முறையிலிருந்து அவருடைய தாளில் மட்டும் கத்தி வைப்பதை விட்டுவிட்டார்கள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு முன்மொழிவின் கடைசிப் பத்தியிலும், இதை அனுமதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுவார். மிகைப்படுத்த மாட்டார். ஒருமுறை நூலக வாசலுக்குக் கூரை போடக் கேட்டபோது, "அனுமதிக்காவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, செருப்புகள் நனையும்" என்று எழுதினார். அதையும் அனுமதித்தார்கள்.

அந்த வருடம் நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. விடுதி, வளாகத்தின் தாழ்ந்த மூலையில் இருந்தது. முற்றத்துத் தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும். அங்கிருந்து மோட்டார் அதை மதிலுக்கு அந்தப் பக்கம் வடிகால் வாய்க்காலில் தள்ளும். இரண்டாம் நாள் மதியம் முழங்கால் உயரத்தில் இருந்த மின் பெட்டி நனைந்து கருகியது. மோட்டார் நின்றது. கீழ்த்தளத்தில் இருந்த அறுபத்துநாலு பெண்களைப் படுக்கையோடு வகுப்பறைகளுக்கு மாற்றினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாடகை டீசல் பம்ப் பன்னிரண்டு நாள் ஓடியது. அதற்கு எண்பத்தாறாயிரம். ஒரு லட்சம் வரை அவசரச் செலவு செய்யும் அதிகாரம் முதல்வருக்கு இருந்ததால் அந்த மட்டில் தப்பித்தது.

தண்ணீர் வடிந்ததும் யார் தப்பு என்ற கேள்வி வந்தது. கல்லூரிச் செயலர் ஹரிஹரசுப்ரமணியன், மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் இராஜாங்கத்திடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். பெட்டி நனையும் என்று ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. இராஜாங்கம் தொகுப்பூதியக்காரர். வருடா வருடம் டிசம்பரில் ஆட்சிக்குழு நீட்டித்தால்தான் அவருக்கு வேலை. அந்த நீட்டிப்பும் துணை பட்ஜெட் வரப்போகும் அதே கூட்டத்தில்தான் வர இருந்தது.

அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கணக்குப் பிரிவுக்கு வந்தார். கால் விரல்களுக்கு நடுவே இன்னும் சேற்றுப்புண் மருந்து அப்பியிருந்தது.

"ஐயா, சொல்லலைங்கறாங்க. நான் மாசி மாசமே எழுதிக் குடுத்தேன்ல?"

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதாங்க. மெஸ் சீட்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்தேன். நீங்ககூட, இதெல்லாம் ஃபாரத்துல எழுதணும் இராஜாங்கம்னீங்க. நான், எனக்கு ஏதுங்க ஃபாரம்னேன். சிரிச்சீங்க."

சிரித்தது சவரிராஜுக்கு ஞாபகம் வந்தது. தாள் ஞாபகம் வரவில்லை.

"நகல் இருக்கா?"

"மெஸ் சீட்டுக்கு யாருங்க நகல் எடுப்பா?"

"சரி, போங்க. பாக்கறேன்."

பிப்ரவரியில் எல்லாத் துறைகளும் தங்கள் தேவைகளை அச்சிட்ட படிவத்தில் எழுதி அனுப்புவார்கள். அந்தப் படிவங்களைச் சேர்த்துத்தான் பட்ஜெட் உருவாகும். மோட்டார் அறைக்குத் துறை கிடையாது. துறைத்தலைவர் கிடையாது. ஆகவே படிவமும் கிடையாது. தோட்டக்காரர், காவலர், இராஜாங்கம் போன்றவர்கள் கையில் கிடைத்த தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அவற்றைச் சவரிராஜ் ஒரு நீல அட்டைக் கோப்பில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசி, தேவையானதைப் பட்ஜெட்டில் தானே சேர்ப்பார். இது எந்த விதியிலும் இல்லை. அவர் தொடங்கி வைத்தது.

அந்த பிப்ரவரியில் அவர் மனைவி அருள்மேரிக்கு வலது இடுப்பு எலும்பு அறுவைசிகிச்சை. ஒன்பது நாள் விடுப்பு. திரும்பி வந்தபோது பட்ஜெட்டை முடிக்க மூன்று நாள் இருந்தது. படிவங்களைச் சேர்த்தார். கூட்டினார். சரிபார்த்தார். நீலக் கோப்பைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தார். ஆறு தாள்கள் இருந்தன. நாலாவது, மெஸ்ஸுக்குக் காய்கறி கேட்கும் சீட்டின் பின்பக்கம்.

"ஐயா, விடுதி மோட்டார் பெட்டி தாழ்வாக இருக்கிறது. நாலு அடி மேலே தூக்க வேண்டும். ஒரு மோட்டார் உபரியாக வேண்டும். முப்பத்தெட்டாயிரம் ஆகும் என்று எலக்ட்ரீசியன் சொல்கிறார். செய்யாவிட்டால் ஐப்பசியில் நனையும். இராஜாங்கம்."

கடைசி வரியைச் சவரிராஜ் பல தடவை படித்தார். அனுமதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இராஜாங்கம் மூன்றே சொல்லில் எழுதியிருந்தார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது.

அந்த இரண்டு நாளில் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றோடு அவருக்கு அறுபது முடிகிறது. இரண்டு வருட மறுநியமனத்துக்கு முதல்வர் பரிந்துரை எழுதியிருந்தார். அதுவும் அதே கூட்டத்தில். அருள்மேரிக்கு இடது இடுப்பும் தேய்ந்துகொண்டிருந்தது. மருத்துவக் காப்பீடு கல்லூரியில் இருக்கும் வரைதான். இவை காரணங்கள். இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த மேஜை இல்லாமல் காலை ஒன்பதரை மணிக்கு எங்கே போய் உட்கார்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போடும்போது அருள்மேரி தாளை எடுத்தாள். படித்தாள்.

"இது என்னங்க, காய்கறிச் சீட்டு?"

"பின்னாடி திருப்பு."

திருப்பிப் படித்தாள். சீட்டின் தேதியைப் பார்த்தாள். அந்தத் தேதியை ஒட்டித் தான் எங்கே படுத்திருந்தோம் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்காக லீவு போட்டப்ப வந்ததா?"

"அதுக்கு முந்தின நாள் வந்தது. லீவு ஒரு காரணம் இல்ல. நான் திறந்து பாக்கல."

"இராஜாங்கம் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம்னு சொன்னீங்களே."

"ஆமா."

அவள் தாளை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்துச் சுருக்கம் போக அழுத்தி, அவருடைய கைப்பையில் போட்டாள்.

மறுநாள் காலை முதல்வர் வித்யாலக்ஷ்மி அவரைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒப்பந்தக்காரரின் மதிப்பீடு இருந்தது. ஏழரை ஹெச்பி மோட்டார் இரண்டு, உயர்த்திக் கட்டிய மேடையில் புது மின் பெட்டி, புதுக் குழாய். ஆறு லட்சத்துப் பத்தாயிரம்.

"சார், இத ஆறேழு பில்லா பிரிச்சிடலாமா? ஒவ்வொண்ணும் லட்சத்துக்குள்ள இருந்தா என் பவர்லயே முடிஞ்சிடும். கூட்டம் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?"

"ஒரு வேலைய ஏழு துண்டா வெட்டினா ஏழு வேலை ஆகிடாது மேடம். ஆடிட்டர் எடுத்ததும் ஒட்ட வச்சுப் பாப்பாரு."

"சரி, அப்ப துணை பட்ஜெட்டே போடுங்க. ஏன் முன்னாடி கேக்கலங்கற இடத்துல எதிர்பாராத கனமழைன்னு எழுதிடுங்க. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"ஐப்பசியில மழை வரும்னு எதிர்பாக்கலன்னு, தஞ்சாவூர் ஜில்லாவுல உக்காந்து எப்படி மேடம் எழுதறது?"

வித்யாலக்ஷ்மி சிரித்தார். சவரிராஜ் கைப்பையிலிருந்து தாளை எடுத்து வைத்தார். அவர் படித்து முடித்ததும் சிரிப்பு நின்றது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"இராஜாங்கத்துக்குத் தெரியும். ஆனா அவர்கிட்ட நகல் இல்ல."

"இத வெளியில எடுத்தா உங்க எக்ஸ்டென்ஷன்?"

"அது வேற அஜெண்டா மேடம்."

"ஒரே நாள் சார். ஒரே ஆளுங்க."

"தெரியும்."

அன்று சாயங்காலம் சவரிராஜ் ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஃபிளோராவுக்கு மதிப்பீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். அவள் மெக்கானிக்கல் இன்ஜினியர். பம்ப்புகளோடுதான் வேலை. தொட்டியின் அளவு, மதிலின் உயரம், முற்றத்தின் பரப்பு எல்லாம் கேட்டாள். மதில் எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியவில்லை. இருட்டுவதற்குள் போய் டேப் பிடித்து அளந்து சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"ஏழரை வேண்டாம்ப்பா. ரெண்டு அஞ்சு ஹெச்பி போதும். மணிக்கு நாப்பது மில்லிமீட்டர் மழை பேஞ்சாலும் தள்ளிடும்."

"உறுதியாவா? நான் எழுதிக் குடுக்கப் போறேன்."

"கணக்கு அனுப்பறேன். நீங்களே கூட்டிப் பாருங்க."

"ஒப்பந்தக்காரர் ஏன் ஏழரை போட்டாரு?"

"பெரிசா போட்டா யாரும் திட்ட மாட்டாங்கப்பா."

அஞ்சு ஹெச்பி என்றதும் மொத்தம் நாலு லட்சத்து எண்பத்தைந்தாயிரமாக இறங்கியது. கட்டடப் பராமரிப்புத் தலைப்பில் ஒப்புதல் பன்னிரண்டு லட்சம். டீசல் பம்ப் வாடகை உட்படச் செலவானது பத்து லட்சத்து நாற்பதாயிரம். வேறு வேலைகளுக்கு ஏற்கெனவே கொடுக்க ஒத்துக்கொண்டது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மீதி ஐம்பதாயிரம். ஆகவே கேட்க வேண்டியது நாலு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். மேஜை நாற்காலித் தலைப்பில், ஒப்பந்தப்புள்ளி குறைவாக வந்ததால் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் மிச்சம். நிரப்பாத இரண்டு பணியிடங்களின் சம்பளத்தில் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் மிச்சம். இரண்டையும் கூட்டினால் சரியாக வந்தது. கல்லூரியின் மொத்தச் செலவு ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. தலைப்பு மட்டும்தான் மாறும். ஆனாலும் அந்த மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் ஆட்சிக்குழுவுக்கு மட்டுமே உண்டு.

ஐந்தாவது பத்தி, ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்பது. அதை அவர் ஒரே மூச்சில் எழுதினார். "இத்தேவை பிப்ரவரியிலேயே மோட்டார் இயக்குநரால் எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்டது. கணக்குப் பிரிவில் கவனிக்கப்படாமல் விடுபட்டது. பொறுப்பு கீழே கையொப்பமிட்டவருடையது. கடிதம் இணைக்கப்பட்டுள்ளது." காய்கறிச் சீட்டைப் பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்துக் குத்தினார்.

நிதிக்குழு முதலில் கூடியது. தணிக்கையாளர் சலாஹுதீன் அதன் உறுப்பினர். முதல் முன்மொழிவிலிருந்தே சவரிராஜின் கணக்கைப் பார்த்து வருபவர். ஐந்தாவது பத்தியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சவரி சார், பதினாறு தடவை உங்க பேப்பர்ல தப்பு தேடித் தோத்துட்டேன். இப்ப நீங்களே தட்டுல வச்சுக் குடுத்தா என்ன ருசி இருக்கு?"

"பசிக்கும்னு நெனச்சேன் சார்."

சலாஹுதீன் சிரித்தார். பிறகு தொகையைச் சரிபார்த்து, மாற்றமில்லாமல் ஆட்சிக்குழுவுக்குப் பரிந்துரை செய்தார்.

ஆட்சிக்குழு டிசம்பர் பத்தொன்பதாம் தேதி கூடியது. கூட்டக் குறிப்பு எழுதுவதற்காகச் சவரிராஜ் எப்போதும் போல முதல்வருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறாவது பொருள் துணை பட்ஜெட். ஒன்பதாவது இராஜாங்கத்தின் நீட்டிப்பு. பதினொன்றாவது அவருடையது.

ஹரிஹரசுப்ரமணியனின் தாத்தா கொடுத்த நிலத்தில்தான் கல்லூரி நின்றது. இவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தாளைப் புரட்டினார்.

"மத்த தலைப்புலேர்ந்து பிடுங்குவானேன்? எங்க தாத்தா பேர்ல ஒரு நிதி பாங்க்ல சும்மாத்தானே கெடக்கு? அதுலேர்ந்து எடுங்கோளேன்."

முதல்வர் திரும்பிப் பார்த்தார். சவரிராஜ் எழுந்தார்.

"அது பொண்ணுங்க ஸ்காலர்ஷிப்புக்குன்னு எழுதி வச்ச பணம் சார். பம்ப்புக்கு எடுக்க நமக்கு உரிமை இல்ல. எடுத்தா உங்க தாத்தாவுக்கே பதில் சொல்லணும்."

"அவர் பொல்லாத மனுஷர், கேட்டாலும் கேப்பார்" என்றார் ஹரிஹரசுப்ரமணியன். மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஐந்தாவது பத்தி. சிரிப்பு அடங்கும் வரை படித்தார். இணைப்பைப் புரட்டினார். கத்தரிக்காய் எட்டு கிலோ, முருங்கைக்காய் நூறு. மறுபடி திருப்பினார்.

"என்ன சார் இது, உங்க தலைல நீங்களே மண்ணை வாரிப் போட்டுண்டிருக்கேள்? முப்பத்தெட்டாயிரத்துல முடிய வேண்டியது. இப்போ அஞ்சு லட்சம்."

"ஆமா சார்."

"நான் அந்த ஆளுக்குன்னா மெமோ குடுத்தேன்?"

"அத எனக்குக் குடுத்திருக்கணும் சார்."

 ஹரிஹரசுப்ரமணியன் கடைசிப் பத்திக்குப் போனார். சவரிராஜ் அதில் மூன்று வரிதான் எழுதியிருந்தார். மழை இன்னும் மூன்று வாரம் இருக்கலாம். அறுபத்துநாலு மாணவிகள் இன்னும் வகுப்பறைகளில் தூங்குகிறார்கள். அனுமதிக்காவிட்டால் அடுத்த ஐப்பசியிலும் அங்கேயே தூங்குவார்கள்.

"பாஸ்" என்றார் ஹரிஹரசுப்ரமணியன். மற்றவர்கள் தலையசைத்தார்கள். டீசல் பம்ப் செலவையும் பதிவு செய்துகொண்டார்கள். ஒன்பதாவது பொருளில், இராஜாங்கத்துக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக அவரே சொன்னார். நீட்டிப்பு அரை நிமிடத்தில் முடிந்தது.

பதினொன்று வந்ததும் சவரிராஜ் பேனாவை மூடிவிட்டு வெளியே போனார். வராந்தாவில் நின்று, இரண்டாம் போகமாகத் தாளடி நட்ட வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிர் பாதி மஞ்சளாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து முதல்வர் வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். சவரிராஜின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொருள் 11: ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்."

அடுத்த கூட்டம் மார்ச்சில். அவருடைய கடைசி வேலைநாள் பன்னிரண்டு நாளில். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கூட்டக் குறிப்பு எழுதுவது அவர் வேலை என்பதால் அந்த வரியையும் அவரே தட்டச்சு செய்தார். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

மீதியிருந்த நாட்களில் அவர் ஒரு படிவம் தயாரித்தார். துறை என்ற இடத்தில் "துறை இல்லை" என்று ஒரு கட்டம். கீழே ஒரு கேள்வி, செய்யாவிட்டால் என்ன ஆகும்? நூறு பிரதி எடுத்துக் காவலர் அறையிலும் மெஸ்ஸிலும் மோட்டார் அறையிலும் வைத்தார். நீலக் கோப்பைத் தனக்குப் பின் வந்த பெண்ணிடம் கொடுத்து, "இத பிப்ரவரி இருபதாம் தேதி கட்டாயம் திறக்கணும்மா. வீட்டுல என்ன நடந்தாலும்" என்றார். அவள் போனில் நினைவூட்டல் வைத்துக்கொண்டாள்.

அருள்மேரியின் இடது இடுப்புக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நாலு மாதம் காத்திருந்து அறுவைசிகிச்சை செய்தார்கள். காத்திருந்த நாட்களில் அவள் வலியைப் பற்றிப் பேசினாள். காய்கறிச் சீட்டைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

மறு வருடம் ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் மதியம் சவரிராஜ் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு டிவிஎஸ்ஸில் கல்லூரிக்குப் போனார். வாசலில் புதுக் காவலர்.

"யாரைப் பாக்கணும்?"

சவரிராஜ் மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளினார். "மோட்டாரை" என்றார்.

காவலர் அவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இராஜாங்கம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ், ஐயாவைப் போயி நிக்க வச்சிருக்க! வாங்கய்யா. காலையிலேருந்து ரெண்டும் ஓடுது."

முற்றத்தில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மின் பெட்டி தலைக்கு மேலே காய்ந்து இருந்தது. கீழ்த்தள ஜன்னலில் ஒரு பெண் ஈரத்துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சவரிராஜ் சுவரோரமாக நின்று போனை எடுத்தார்.

"ஃபிளோரா, அஞ்சு ஹெச்பி போதுமான்னு கேட்டேன்ல?"

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன். என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. கேளு."

போனை மோட்டார் பக்கம் நீட்டிப் பிடித்தார். சட்டைக்கைக்குள் தண்ணீர் இறங்கியது. அரை நிமிடம் அப்படியே நின்றார். பிறகு காதில் வைத்தார்.

"பேரிங் நல்லா இருக்குப்பா" என்றாள் அவள். "சத்தம் சீரா இருக்கு."

"அப்படியா?"

"ஆமா. நனையாதீங்க. வீட்டுக்குப் போங்க."

"போறேன். இன்னும் கொஞ்ச நேரம்."

தை பிறப்பதற்கு நாலு நாள் முன்னால், தூக்கத்திலேயே சவரிராஜ் போய்விட்டார். அந்த மழைக்காலம் முழுக்கப் பெட்டி நனையவில்லை.